மூன்றாம் பத்தி

எங்கள் கிடங்கு அலுவலகத்தில் அவருக்குப் பெயர் போனவருஷம். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று சம்பளச் சீட்டில் இருக்கிறது, அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எதைப் பற்றிப் பேச்செடுத்தாலும் அவர் வாயிலிருந்து வரும் முதல் கேள்வி, "போன வருஷம் எப்படிப் பண்ணோம்?" என்பதுதான். கழிப்பறைக் குழாய் ஒழுகினாலும் அதே கேள்வி. அப்படிக் கேட்டுக் கேட்டே பெயராகிவிட்டது. அவரும் கோபித்துக்கொள்ளவில்லை. தொலைபேசியை எடுத்து, "நான் போனவருஷம் பேசறேன்" என்று அவரே சொன்ன நாளும் உண்டு.

எங்களுடையது மருந்துக் கிடங்கு. கம்பெனிகளிலிருந்து வரும் மருந்துகளை அடுக்கிவைத்து, மருந்துக் கடைகளுக்கு அனுப்புகிறோம். எந்த மருந்து எவ்வளவு இருக்கிறது, எதன் காலாவதித் தேதி நெருங்குகிறது, எதை முதலில் வெளியே தள்ள வேண்டும் என்று திட்டமிடுவது போனவருஷத்தின் வேலை. பில் போடுவது என் வேலை. இரண்டு மேசைகளுக்கும் நடுவே ஒரு இரும்பு அலமாரிதான் இருக்கிறது. அவர் பெருமூச்சு விட்டால்கூட எனக்குக் கேட்கும். எனக்குக் கேட்காததை மத்தியானச் சாப்பாட்டில் அவரே சொல்லிவிடுவார். அந்த மனுஷருக்கு வயிற்றில் ஒன்றும் தங்காது.

வேலையில் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் எழுத உட்கார்ந்தால் மட்டும் ஆள் வேறு. வருடத்துக்கு ஒரு முறை மேனேஜரிடமிருந்து எல்லோருக்கும் ஒரு மெயில் வரும். ஆண்டு மதிப்பீட்டுப் பேச்சுக்கு முன்னால் ஒவ்வொருவரும் தன்னைப் பற்றித் தானே ஒரு மெயில் எழுதி அனுப்ப வேண்டும். முதல் பத்தியில் இந்த ஆண்டு எட்டிய இலக்குகள், இரண்டாவதில் எட்டாமல் போனவையும் காரணமும், மூன்றாவதில் வளர்த்துக்கொள்ள வேண்டிய திறன்கள். அதை வைத்துக்கொண்டுதான் மேனேஜர் நம்மை உட்காரவைத்துப் பேசுவார், தரம் போடுவார், பயிற்சிக்கு யாரை அனுப்புவது என்று முடிவுசெய்து எச்.ஆருக்கு எழுதுவார். தன் வாயால் தன்னைப் புகழ்வது ஒரு தர்மசங்கடம், தன் குறையைத் தானே எழுதிக் கொடுப்பது அதைவிடப் பெரிய தர்மசங்கடம். ஒரு வாரம் அலுவலகமே பல் வலி வந்த மாதிரி இருக்கும்.

போனவருஷத்துக்கு மட்டும் வலி கிடையாது. போன வருடத்து மெயிலைத் திறப்பார், ஆண்டை மாற்றுவார், எண்களை மாற்றுவார், அனுப்பிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடுவார். பழைய மேனேஜரும் அதற்கேற்ற ஆள்தான். எவர் மெயிலையும் படித்தவரில்லை. "எல்லாம் சரியாத்தான் எழுதியிருப்பே, போ" என்று தோளில் தட்டி அனுப்பிவிடுவார்.

இந்த ஆண்டு அந்த மேனேஜர் ஓய்வு பெற்றுப் போய், வேறு கிளையிலிருந்து ஒரு பெண் மேனேஜராக வந்தார். வந்த வாரமே எல்லோர் மேசைக்கும் வந்து, அவரவர் வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தார். போனவருஷம் என்னிடம், "இது படிக்கற ஜாதி போலிருக்கு" என்று சிரித்தார். சிரித்துவிட்டு வழக்கம்போலவே பழைய மெயிலைத் திறந்தார். மனுஷருக்கு மூளை எங்கே போயிற்று என்று இன்றும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

எங்களிடம் திரும்பி வரும் மருந்துகளைப் பார்த்துக்கொள்பவள் ஒருத்தி இருக்கிறாள். கடைகளில் விற்காமல் காலாவதி நெருங்கிவிட்ட பெட்டிகள் அவள் மேசைக்குத்தான் வரும். போனவருஷம் அவளைத் தங்கச்சி என்று கூப்பிடுவார், அதைப் பார்த்து மேலிருந்து கீழ்வரை எல்லோருக்கும் தங்கச்சி ஆகிவிட்டாள். நாற்பது வயது, காலேஜ் போகும் மகள் இருக்கிறாள், ஆனாலும் தங்கச்சிதான். எனக்கும் அப்படித்தான், என்னை அக்கா என்று கூப்பிடுவாள். எந்த விண்ணப்பம் எழுதினாலும் அவரிடம் காட்டாமல் அனுப்ப மாட்டாள். அண்ணன் பார்த்துச் சொன்னால் போதும், அதற்கு மேல் அவளுக்கு அப்பீல் கிடையாது.

இந்த முறையும் அப்படித்தான் காகிதத்தில் எடுத்துக்கொண்டு வந்தாள். அலமாரிக்கு இந்தப் பக்கம் நான் பில் போட்டுக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, மூணாவதா என்ன எழுதறதுன்னு ஒரே குழப்பம். ஒண்ணு எழுதியிருக்கேன், பாருங்க."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "'தரவுப் பகுப்பாய்வு எனக்குத் தெரியாது. கற்றுக்கொள்ள விரும்புகிறேன்.' ஏம்மா இது?"

"ஒரே கடைங்க, ஒரே மருந்துங்க, சீசனுக்கு சீசன் திரும்பி வருதுண்ணே. பெட்டியைப் பாத்தாலே எனக்குத் தெரியுது. ஆனா எடுத்துக் காட்டுன்னா காட்டத் தெரியல. கத்துக்கிட்டா, அங்க அனுப்பறதையே குறைக்கச் சொல்லலாம். எச்.ஆர்ல ஒரு கோர்ஸ் இருக்காம், அதுக்கு அனுப்புவாங்களாம்."

"எல்லாம் சரி. ஆனா தெரியாதுன்னு நீயே எழுதிக் குடுத்தா அது ஃபைல்ல போய் உக்காந்துக்கும் தங்கச்சி. நாளைக்கு ஆள் குறைக்கணும்னு வந்தா அதைத்தான் முதல்ல எடுப்பாங்க. இந்த இடத்துல பிடி குடுக்காத மாதிரி ஒண்ணு எழுதணும். நேர மேலாண்மைன்னு போடு. யாருக்கும் வலிக்காது."

"நான் ஒரு நாளும் லேட்டா வந்ததில்லையே அண்ணே."

"அதனாலதான் சொல்றேன். யாரும் நம்ப மாட்டாங்க, உனக்கும் சேதாரம் இல்ல."

அவள் சிரித்துக்கொண்டே அந்த வரியை அடித்துவிட்டு அவர் சொன்னதை எழுதினாள். எனக்குக்கூட அப்போது அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அதைச் சத்தியம் செய்து சொல்வேன். அவளுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்ற அக்கறைதான்.

ஆனால் அவர் அனுப்பிய மெயிலின் மூன்றாம் பத்தியில் என்ன இருந்தது என்று அவருக்கே நினைவில்லை. ஐந்து வருடத்துக்கு முன்னால் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த மாதிரி மெயில் ஒன்றைப் பார்த்து ஒரு வரி போட்டிருக்கிறார். அன்றிலிருந்து அது ஆண்டு தவறாமல் தானாகவே போய்க்கொண்டிருந்தது. 'தரவுப் பகுப்பாய்வுத் திறனை வளர்த்துக்கொள்ள மிகுந்த ஆர்வத்துடன் உள்ளேன்.'

மதிப்பீட்டுப் பேச்சுக்கு அவரை முதல் நாளே கூப்பிட்டார்கள். மேனேஜர் ஐந்து வருடத்து மெயில்களையும் அச்செடுத்து வைத்திருந்தாராம்.

"ஒண்ணு சொல்லணும் சார்," என்றாராம். "அஞ்சு வருஷமா ஒரே விஷயத்தைக் கேட்டுட்டு வர்றீங்க. ஒரு தடவைகூட யாரும் உங்களைக் கூப்பிட்டு என்னன்னு கேக்கல. கம்பெனி சார்பா நான் மன்னிப்பு கேட்டுக்கறேன்."

அவருக்கு முதலில் என்ன கேட்டோம் என்றே விளங்கவில்லை. சம்பள உயர்வைச் சொல்கிறாரோ என்று நினைத்திருக்கிறார். மேனேஜர் தொடர்ந்து சொன்னார். இந்தக் கிளைக்குப் பகுப்பாய்வுப் பயிற்சியில் ஒரே ஒரு இடம்தான். பயிற்சியை முடித்து வருபவருக்கு, புதிதாக வரப்போகும் திட்டமிடல் ஒருங்கிணைப்பாளர் பதவி. இந்த முறை அதைக் கேட்டு எழுதியிருப்பது அவர் ஒருவர்தான். அதனால் அவர் பெயரையே எழுதிவிட்டாராம். வெள்ளிக்கிழமை மத்தியானம் எச்.ஆர். பட்டியலை மூடுகிறது.

"என்ன சொன்னீங்க?" என்று சாப்பாட்டு அறையில் நான் கேட்டேன்.

"நன்றி மேடம்னு சொன்னேன்."

"வேறே?"

"வேறே என்னங்க சொல்றது? மன்னிப்பு கேட்டுட்டாங்களே."

நியாயமாக அப்போதே அவர் முகத்தில் ஈயாடியிருக்கக் கூடாது. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும், அன்று ஒரு நாள் அவருக்கு அது பிடித்திருந்தது. ஒருங்கிணைப்பாளர் என்ற சொல்லை இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். சாயங்காலம் வண்டியைத் துடைத்துவிட்டுக் கிளம்பினார். தங்கச்சி எழுதிக்கொண்டு வந்த காகிதம் அவர் நினைவுக்கே வரவில்லை. எனக்கு வந்தது. அவராக எடுக்கட்டும் என்று பொறுத்திருந்தேன்.

மறுநாள் காலையில் மேனேஜர் எல்லோருக்கும் ஒரு மெயில் போட்டார். நல்ல மனதோடு போட்டதுதான். பயிற்சிக்கு இன்னார் தேர்வாகியிருக்கிறார், ஐந்து ஆண்டுகளாக விடாமல் இதைக் கேட்டுவந்தவர், கேட்டால்தான் கிடைக்கும் என்பதற்கு அவர் எடுத்துக்காட்டு, எல்லோரும் அவரைப் போலத் தங்கள் தேவையைத் தயங்காமல் எழுதுங்கள் என்று. கீழே அவருடைய வரியையும் அப்படியே போட்டிருந்தார்.

பேக்கிங் பகுதியிலிருந்து கைதட்டல் வந்தது. டிரைவர்கள் வந்து கை கொடுத்தார்கள். தங்கச்சி தன் மேசையிலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து வந்து அலமாரிக்குப் பக்கத்தில் நின்றாள்.

"வாழ்த்துகள் அண்ணே."

"தங்கச்சி, அது வந்து..."

"உங்களுக்கு வேணும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே எழுதியிருக்க மாட்டேனே. ஃபைல்ல உக்காந்துக்கும், ஆளைக் குறைப்பாங்கன்னு ஏன் அவ்ளோ சுத்தணும்?"

அவள் குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் அவரும் பதிலுக்கு ஏதாவது சத்தம் போட்டுத் தப்பித்திருப்பார்.

"எனக்கு அது வேணும்னே இல்லம்மா. சத்தியமா. போன வருஷத்து மெயில்ல இருந்தது, அப்படியே போயிடுச்சு. அதுல என்ன இருக்குன்னே நான் பாக்கல."

"அப்ப வேண்டாததை நீங்க கேட்டிருக்கீங்க. வேணுங்கறதை நான் அடிச்சுட்டேன்," என்றாள் தங்கச்சி. பிறகு, "எனக்கு நேர மேலாண்மைக்கு அரை நாள் வகுப்பு போட்டிருக்காங்க," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

கொடுமை என்னவென்றால், அவரைத் திருடன் என்று அவள் நினைத்ததே அவருக்கு மேலாக இருந்திருக்கும். திருடனாவது ஒன்று வேண்டும் என்று எடுக்கிறான். இவர் எதுவுமே வேண்டாமல் அவள் கையிலிருந்ததைத் தட்டிவிட்டிருக்கிறார். அன்று மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார், மூடினார், வீட்டுக்கே கொண்டுபோனார். இரண்டு பேர் சிரித்துப் பேசினால்கூடத் தன்னைத்தான் பேசுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். கழிப்பறைக்குப் போக அவள் மேசையைக் கடக்க வேண்டும், அதற்காகக் கிடங்கைச் சுற்றி வெளிவழியாகப் போனார். அவ்வளவு கூச்சத்தை அந்த வயதில் ஒரு ஆள் முகத்தில் நான் பார்த்ததில்லை. பாவமாகவும் இருந்தது, நன்றாக வேண்டும் என்றும் இருந்தது.

அவர் மனைவி ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பில் இருக்கிறார். நாளெல்லாம் பயந்தவர்களையே பார்த்துப் பார்த்துச் சுற்றி வளைக்காமல் பேசப் பழகியவர். டப்பா அப்படியே திரும்பி வந்ததைப் பார்த்து என்னவென்று கேட்டிருக்கிறார். இவர் எல்லாவற்றையும் கொட்டியிருக்கிறார். மறுநாள் என்னிடமும் கொட்டினார்.

"உங்களுக்கு அந்தப் படிப்பு வேணுமா?"

"வேண்டாம்."

"பதவி?"

"வந்தா நல்லாத்தான் இருக்கும்."

"படிக்காம வருமா?"

"வராது."

"அப்ப வேண்டாம்னு சொல்லிட வேண்டியதுதானே."

"சொன்னா, அஞ்சு வருஷமா பொய் எழுதினேன்னு ஆயிடும்."

"ஆயிடுமா? ஆயிடுச்சுங்க," என்று சொல்லிவிட்டு அந்த அம்மா துணி மடிக்கப் போய்விட்டாராம்.

வெள்ளிக்கிழமை காலையில் வந்ததும் அவர் மெயில் எழுத உட்கார்ந்தார். பழைய மெயில் எதையும் திறக்கவில்லை, நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு வரி எழுதுவார், அழிப்பார், மூக்கைச் சொறிவார். 'தவிர்க்க முடியாத சொந்தக் காரணங்களால்' என்று ஆரம்பித்ததை என் மேசையிலிருந்தே எட்டிப் பார்த்துவிட்டேன்.

"அப்படிப் போட்டா இடம் வேற கிளைக்குப் போயிடும்," என்றேன். "அவளுக்கு வராது. ஏன்னு கேட்டா அவ மெயில்ல நேர மேலாண்மைதான் இருக்கு."

"நானும் அதைத்தாங்க யோசிச்சேன்," என்றார். அதையும் அழித்தார். கடைசியில் எழுதி அனுப்பியதை எனக்குக் காட்டினார்.

'மேடம், என் சுயமதிப்பீட்டின் மூன்றாம் பத்தியை நான் யோசித்து எழுதவில்லை. முந்தைய ஆண்டின் மெயிலை அப்படியே அனுப்பினேன். அந்தப் பயிற்சியை நான் விரும்பிக் கேட்டதில்லை. ரிட்டர்ன்ஸ் பிரிவில் இருப்பவர் உண்மையாகவே அதைக் கேட்டு எழுதியிருந்தார். எழுத வேண்டாம் என்று சொல்லி அடிக்கவைத்தது நான். தவறு முழுவதும் என்னுடையது. அவர் திருத்தி அனுப்பினால் ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.'

மேனேஜர் உடனே கூப்பிட்டனுப்பினார். அவர் அறைக்குக் கதவு உண்டு, ஆனால் சாத்த மாட்டார். ஒரு பில் சரிபார்க்க வேண்டும் என்று நானும் வாசலில் போய் நின்றுகொண்டேன். பொய் சொல்வானேன், பில் ஒன்றும் இல்லை.

"அவங்களை இப்பவே திருத்தி அனுப்பச் சொல்றேன், மத்தியானம் வரைக்கும் நேரம் இருக்கு," என்றார் மேனேஜர். திட்டவில்லை. அச்செடுத்த காகிதங்களை மறுபடி மேசைமேல் பரப்பினார். "மூணாவது பத்தி அப்படின்னா, முதல் பத்தி?"

"எண்ணெல்லாம் சரியான எண்ணுங்க மேடம். அதை மட்டும் மாத்திடுவேன்."

"'புதிய குளிர் அறையைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவருவதில் துணைபுரிந்தேன்.' இந்த வருஷமும் இருக்கு. நான் புதுசு, அதனால கேக்கறேன். அந்த குளிர் அறை எப்ப வந்தது?"

போனவருஷம் அந்த வரியைக் குனிந்து பார்த்தார். அந்த அறை வந்து ஐந்து வருடமாகிறது. கதவு ரப்பர் கிழிந்து, அதை மாற்றச் சொல்லி நாங்கள் கேட்டுக்கொண்டிருக்கிற அறை அது.

"அப்ப இதைப் படிச்சா உங்களைப் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியாது," என்றார் மேனேஜர். கோபமே இல்லாமல், நிஜமாகத் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "காகிதத்தை விடுங்க. நீங்களே சொல்லுங்க. இந்த வருஷம் என்ன பண்ணீங்க?"

வாசலில் நின்ற நான் ஒரு அடி முன்னால் வைத்தேன். ஏனென்றால் இந்த வருஷம் அந்தக் குளிர் அறையின் மோட்டார் நின்றுபோன மழைநாளில், உள்ளே இருந்த இன்சுலின் பெட்டிகள் அத்தனையையும் பக்கத்து ஊர் கிடங்குக்கு ஏற்றி அனுப்பியது இந்த மனுஷர்தான். ஐஸ் பெட்டிக்கும் வண்டிக்கும் எத்தனை பேர் காலில் விழுந்தார் என்பது எனக்குத் தெரியும். ஒரு பெட்டிகூடக் கெடவில்லை. அதைச் சொல்லுங்கள், வாயைத் திறந்து சொல்லுங்கள் என்று மனதுக்குள் கத்தினேன்.

அவர் தரையைப் பார்த்தபடியே நின்றார். ஒரு முழு வருடத்தையும் தேடிப் பார்க்கிற மாதிரி இருந்தது. போன வருடத்து மெயிலில் இல்லாத எதுவும் அவருக்கு அகப்படவில்லை.

"வேலைக்கு வந்தேன் மேடம்," என்றார்.

மேனேஜர் காகிதங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். "திங்கட்கிழமைக்குள்ள புதுசா எழுதிக் குடுங்க. அதுவரைக்கும் தரம் எதுவும் போடாம வெச்சிருக்கேன்," என்றார். போனவருஷம் வெளியே வந்தபோது காது நுனிவரை சிவந்திருந்தது. நான் வாசலில் நிற்பதைப் பார்த்தார், எல்லாவற்றையும் கேட்டுவிட்டேன் என்று தெரிந்துகொண்டார், என்னைத் தாண்டிப் போனார். இன்சுலின் விஷயத்தை நான் உள்ளே போய்ச் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் அவர் போய் உட்கார்ந்த விதத்தைப் பார்த்த பிறகு, அவருக்காக இன்னொருவர் வாய் திறந்தால் அது இன்னும் கேவலமாகத்தான் ஆகும் என்று தோன்றியது. திங்கட்கிழமை அவரே எழுதட்டும்.

மத்தியானத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. மேனேஜர் தங்கச்சியிடம் பேசிவிட்டுப் போனதும் அவள் விறுவிறுவென்று தட்டச்சு செய்தாள். அனுப்புவதற்கு முன்னால் காகிதத்தில் ஒரு பிரதி எடுத்தாள். எடுத்துக்கொண்டு எங்கள் பக்கம் வந்தாள்.

போனவருஷம் அவள் வருவதைப் பார்த்துவிட்டார். நிமிர்ந்து உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து, துடைத்து, மாட்டிக்கொண்டார். வலது கையை மேசைமேல் கொஞ்சம் முன்னால் வைத்தார், காகிதத்தை வாங்கிக்கொள்வதற்குத் தோதாக.

அவர் நாற்காலி வழியில் இருந்ததால் தங்கச்சி ஒரு நிமிடம் நின்றாள். "கொஞ்சம் நகருங்கண்ணே," என்றாள், சாதாரணமாக, முகத்தில் கோபதாபம் எதுவும் இல்லாமல். அவர் நாற்காலியை உள்ளே இழுத்துக்கொண்டார். அவள் அந்த இடைவெளியில் நுழைந்து அலமாரியைச் சுற்றி என்னிடம் வந்து காகிதத்தை நீட்டினாள்.

"அக்கா, மூணாவது பத்தி சரியா இருக்கான்னு நீங்க ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க."